கிளிக் வருது, சேல் வரல. சேல் வருது, கிளிக் வரல: ரெண்டும் வேற வேற பிரச்சனை

கேள்வி: வணக்கம் அக்கா. யூட்யூப் சேனல் நடத்துறவங்களுக்காக 6 வார வீடியோ எடிட்டிங் கோர்ஸ் ஒண்ணு ஆன்லைன்ல நடத்துறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல ஒரு மாசமா ரெண்டு விளம்பரம் ஓடுது, ரெண்டுக்கும் ஒரே லேண்டிங் பேஜ் தான். முதல் விளம்பரத்துல கோர்ஸ் யாருக்கு, எத்தனை வாரம்னு நேரா சொல்லிருக்கேன். அதுக்கு 40,000 இம்ப்ரெஷன், 160 கிளிக், 8 பேர் சேர்ந்தாங்க. ரெண்டாவது, "ஒரே நாள்ல எடிட்டிங் கத்துக்கோங்க, முதல் பாடம் இலவசம்"னு போட்டது. அதே 40,000 இம்ப்ரெஷனுக்கு 1,400 கிளிக், ஆனா 4 பேர் தான் சேர்ந்தாங்க. முதல் விளம்பரத்த நிறுத்திட்டு ரெண்டாவத வச்சுக்கோ, பேஜை மட்டும் புதுசா பண்ணுனு ஃப்ரெண்ட் சொல்றான். செய்யலாமா? ரிப்போர்ட் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் கூட அனுப்பிருக்கேன்.

பதில்:

வணக்கம் தம்பி. முதல் விளம்பரத்த நிறுத்தாதீங்க, இப்ப இருக்கிற பேஜையும் இப்போதைக்கு இடிச்சு புதுசா பண்ணாதீங்க. ரெண்டு விளம்பரமும் ஒரே பேஜுக்கு தான் ஆள் அனுப்புது, உங்க கேஸ்ல அது பெரிய வசதி. முதல் விளம்பரம் வழியா வந்தவங்கள்ல 5 சதவீதம் பேர் சேர்ந்திருக்காங்க, ரெண்டாவது வழியா வந்தவங்கள்ல 0.29 சதவீதம் தான். பேஜ் அதே பேஜ், ஃபீஸ் அதே ஃபீஸ், ஃபார்ம் அதே ஃபார்ம். பேஜ் தான் கோளாறுன்னா ரெண்டு பக்கமும் அடி வாங்கிருக்கணும்ல? ஒரு கூட்டத்துக்கு நல்லா வேலை செஞ்ச பேஜ் இன்னொரு கூட்டத்துக்கு வேலை செய்யலன்னா, வந்த கூட்டம் யாரு, என்ன நினைச்சுக்கிட்டு வந்தாங்கன்னு தான் முதல்ல பார்க்கணும். அவங்க தலைக்குள்ள அந்த நினைப்ப போட்டது உங்க விளம்பரம்.

உங்க ஃப்ரெண்ட் சொல்றது ரொம்ப பேர் சொல்றது தான். சிடிஆர் விளம்பரத்தோட மார்க், கன்வர்ஷன் ரேட் பேஜோட மார்க், அதனால எந்த மார்க் கம்மியோ அந்த இடத்த சரி பண்ணுனு. பாதி சரி. சிடிஆர்ல கீழ இருக்கிறது இம்ப்ரெஷன், அதாவது விளம்பரம் எத்தனை தடவை திரையில வந்துச்சுங்கிறது, மேல இருக்கிறது கிளிக். கன்வர்ஷன் ரேட்ல அந்த கிளிக் கீழ வந்துடுது, மேல சேர்ந்தவங்க. அதனால சிடிஆர் கம்மின்னா பிரச்சனை கண்டிப்பா கிளிக்குக்கு முன்னாடி தான், பேஜை அவங்க இன்னும் பார்க்கவே இல்ல, பேஜ் மேல பழி போட வழியே இல்ல. ஆனா கன்வர்ஷன் ரேட் கம்மின்னா கிளிக்குக்கு பின்னாடி தான் பிரச்சனைனு அதே மாதிரி திருப்பி சொல்லிட முடியாது, ஏன்னா அந்த கணக்குல கீழ நிக்கிற ஆட்கள தேர்ந்தெடுத்து கூட்டிட்டு வந்ததே விளம்பரம் தான். ஆசை காட்டி எல்லாரையும் கூப்பிட்டா கீழ இருக்கிற எண் ஏறும், மேல இருக்கிறது ஏறாது, பேஜ்ல ஒரு எழுத்து மாறாமலே ரேட் விழும். உங்க ரெண்டாவது விளம்பரத்துல நடந்தது இது தான்னு நான் நினைக்கிறேன், ஆனா அத நினைப்போட விடாம பார்த்துடலாம்.

முதல்ல ஒரு சந்தேகம் வரணும், 8-ம் 4-ம் ரொம்ப சின்ன எண்கள் ஆச்சே, சும்மா தற்செயலா இருந்தா? நியாயமான சந்தேகம். 160-க்கு 8-னா உண்மையான ரேட் சுமார் 2 சதவீதத்துல இருந்து 10 சதவீதத்துக்குள்ள எங்க வேணா இருக்கலாம், 5-னு அடிச்சு சொல்ல முடியாது. 1,400-க்கு 4-னா அது 0.1-ல இருந்து 0.7 வரைக்கும். ரெண்டு ரேஞ்சும் ஒண்ண ஒண்ணு தொடவே இல்ல, முதலாவதோட அடிமட்டம் கூட ரெண்டாவதோட உச்சத்துக்கு மேல தான் நிக்குது. அதனால வித்தியாசம் நிஜம்னு நம்பலாம். இதே 100 கிளிக் தான் வந்து ஒருத்தரும் சேரலன்னு எழுதிருந்தீங்கன்னா நான் ஒண்ணுமே சொல்லிருக்க மாட்டேன், ஏன்னா உண்மையான ரேட் 1 சதவீதமா இருந்தா கூட 100 கிளிக்ல ஒரு சேல் கூட வராம போறதுக்கு 37 சதவீதம் வாய்ப்பு இருக்கு. நிறைய பேர் அந்த 100 கிளிக்க பார்த்துட்டு பயந்து போய் பேஜை இடிச்சுடுறாங்க, எனக்கு அது மனசு கேக்காது.

அடுத்து, எண்ணினது ஒழுங்கா எண்ணிருக்கான்னு பார்த்தேன். ஃபேஸ்புக் ரிப்போர்ட்ல `CTR (all)`-னு ஒரு நெடுவரிசை இருக்கு, அதுல லைக், கமெண்ட், "மேலும் பார்க்க"னு தட்டினது எல்லாம் கிளிக் கணக்குல சேந்துடும். நீங்க எடுத்திருக்கிறது லிங்க் கிளிக், அது தான் சரி. அந்த லிங்க் கிளிக்குல எத்தனை பேருக்கு பேஜ் முழுசா திறந்துச்சுன்னு `Landing page views` நெடுவரிசை சொல்லுது, முதல் விளம்பரத்துக்கு 160-ல 148, ரெண்டாவதுக்கு 1,400-ல 1,190. ரெண்டாவதுல கொஞ்சம் கூடுதலா நழுவுது, கை தவறி தட்டினவங்க, லோட் ஆகிறதுக்குள்ள திரும்பிட்டவங்கன்னு இருக்கும். ஆனா அவங்கள கழிச்சுட்டு 1,190-க்கு 4-னு போட்டாலும் 0.34 தான் வருது, கதை மாறல. இந்த இடைவெளி பாதிக்கு பாதி இருந்திருந்தா நான் உங்கள நேரா பேஜ் ஸ்பீடு பார்க்க அனுப்பிருப்பேன்.

இன்னொன்னு, இங்க நிறைய பேர் ஏமாறுவாங்க. ஃபேஸ்புக் வழக்கமா எண்ணுற கன்வர்ஷன்ல கிளிக் பண்ணி 7 நாளைக்குள்ள வாங்கினவங்களோட, கிளிக்கே பண்ணாம விளம்பரத்த பார்த்துட்டு 1 நாளைக்குள்ள வாங்கினவங்களும் சேர்த்தி. அவங்கள கிளிக்கால வகுத்தா கன்வர்ஷன் ரேட் பொய்யா உசந்து தெரியும். உங்க விஷயத்துல அந்த பயம் இல்ல, ஏன்னா நீங்க ஒவ்வொரு விளம்பரத்தோட லிங்க்லயும் தனித்தனி அடையாளம் போட்டிருக்கீங்க, அனலிடிக்ஸ்லயும் அதே 8-ம் 4-ம் தான் காட்டுது, உங்க சேர்க்கை லிஸ்ட்டோடயும் ஒத்துப்போகுது. இத படிக்கிற மத்தவங்களுக்காக, லிங்க்கோட வால் இந்த மாதிரி இருக்கணும், கடைசி பகுதி மட்டும் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும்:

```
?utm_source=facebook&utm_medium=paid&utm_campaign=editing&utm_content=ad2_free
```

இது இல்லாம ரெண்டு விளம்பரத்தையும் ஒரே லிங்க்ல விட்டிருந்தா உங்களுக்கு கெடச்சிருக்கிறது 1,560 கிளிக்குக்கு 12 சேல், 0.77 சதவீதம்ங்கிற ஒரே ஒரு சராசரி. அத வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, பேஜ் சுமார்னு ஒரு முடிவுக்கு வந்திருப்பீங்க, அது ரெண்டு கூட்டத்துல எதுக்குமே உண்மை இல்ல.

இப்ப ரெண்டாவது விளம்பரத்துக்கு வரேன். கன்வர்ஷன் ரேட் 0.29-ங்கிறது ஒரு முடிவு, அந்த முடிவுக்கு வர்ற வழியில எங்க ஆள் நின்னு போறாங்கன்னு படி படியா பார்த்தா தான் காரணம் தெரியும். அனலிடிக்ஸ்ல `begin_checkout`-னு ஒரு ஈவென்ட் வச்சிருக்கீங்க, "இப்பவே சேருங்க" பட்டனை தட்டினா அது பதிவாகும், பணம் கட்டி முடிச்சா `purchase`. முதல் விளம்பரத்துல இருந்து வந்த 148 பேர்ல 14 பேர் பட்டனை தட்டிருக்காங்க, அந்த 14-ல 8 பேர் முடிச்சிருக்காங்க. ரெண்டாவதுல 1,190 பேர்ல பட்டனை தட்டினது 22, முடிச்சது 4. அதாவது முதல் படியில ஒரு பக்கம் 9.5 சதவீதம், இன்னொரு பக்கம் 1.8. ரெண்டாவது படியில 57-க்கு எதிரா 18.

முதல் படி விழறது புரியுது, இலவச பாடம்னு நம்பி வந்தவங்க கண்ணுக்கு பேஜ் திறந்ததும் 6 வார கோர்ஸும் ஃபீஸும் தான் படுது, இலவச பாடத்தோட லிங்க் பேஜ்ல பாதிக்கு கீழ, மாணவர்கள் கருத்துக்கும் கீழ இருக்கு, ஃபோன்ல பார்த்தா ஏழெட்டு தடவை தள்ளணும். ஏமாந்துட்டோம்னு நினைச்சு போயிடுறாங்க, சேர மனசு இல்லாம போறாங்கன்னு சொல்ல முடியாது, தேடி வந்தது கெடைக்காம போறாங்க. ஆனா எனக்கு ரெண்டாவது படி தான் அதிகமா பேசுது. பட்டனை தட்டுற அளவுக்கு விருப்பம் இருக்கிறவங்க ஃபார்ம்ல வந்து ஏன் இவ்வளவு பேர் நிக்கணும், அதே ஃபார்ம்ல முதல் கூட்டத்துல பாதிக்கு மேல தாண்டிட்டாங்களே? "இப்பவே சேருங்க"ங்கிறத இலவச பாடத்துக்கான பட்டன்னு நினைச்சு தட்டிருக்காங்க, உள்ள போனதும் பணம் கேக்குது, திரும்பிட்டாங்க. வேற விளக்கம் இருக்கலாம், ஆனா இத சோதிக்க சுலபம், அதனால இதுல இருந்து ஆரம்பிங்க.

ஸ்க்ரீன்ஷாட்ல இன்னொரு விஷயமும் கண்ல பட்டுச்சு, நீங்க அத கேக்கல, ஆனா சொல்லாம விட முடியாது. முதல் விளம்பரத்த சேல்ஸ் நோக்கத்துல ஓட்டுறீங்க, ரெண்டாவத ட்ராஃபிக் நோக்கத்துல, லிங்க் கிளிக் அதிகமா வேணும்னு கேட்டு ஓட்டுறீங்க. கேட்டத தான் சிஸ்டம் குடுக்கும். லிங்க் கிளிக் வேணும்னா, எதப் பார்த்தாலும் தட்டுற பழக்கம் இருக்கிறவங்களா தேடி காட்டும், அவங்க வாங்குவாங்களாங்கிறது அதுக்கு கவலை இல்ல, ஏன்னா நீங்க அத கேக்கவே இல்ல. அதனால 3.5 சதவீதம் சிடிஆர்ல விளம்பர வாசகத்தோட பங்கு எவ்வளவு, இந்த செட்டிங்கோட பங்கு எவ்வளவுன்னு இப்ப பிரிக்க முடியாது. ரெண்டு காரணமும் ஒரே திசையில தள்ளுது, கிளிக்க ஏத்துது, கன்வர்ஷன இறக்குது.

சரி, என்ன பண்ணலாம். ஒரு வழி, ரெண்டாவது விளம்பரத்தோட வாசகத்த மாத்தி உண்மைய அப்படியே சொல்றது, 6 வாரம், சேனல் நடத்துறவங்களுக்கு, ஃபீஸ் உண்டுன்னு. அப்படி பண்ணா அது முதல் விளம்பரத்தோட இன்னொரு காப்பி ஆயிடும், புதுசா ஒண்ணும் கெடைக்காது. எனக்கு பிடிச்சது ரெண்டாவது வழி. இலவச பாடம்னு சொன்னீங்கல்ல, அத குடுத்துடுங்க. அந்த விளம்பரத்துக்கு மட்டும் ஒரு சின்ன தனி பேஜ், மேலயே இலவச பாடம், ஈமெயில் குடுத்தா பார்க்கலாம், அவ்வளவு தான். பாடம் முடியுற இடத்துலயும், அடுத்து வர்ற மெயில்கள்லயும் கோர்ஸ் பத்தி சொல்லுங்க. "ஒரே நாள்ல"ங்கிற வார்த்தைய மட்டும் தயவு செஞ்சு எடுத்துடுங்க, 6 வார கோர்ஸ் நடத்துற நீங்களே அப்படி சொல்லக்கூடாது, படிக்கிறவன் அந்த இடத்துலயே உங்க மேல நம்பிக்கைய இழந்துடுவான், அதுக்கப்புறம் பேஜ்ல என்ன எழுதினாலும் ஏறாது.

இப்படி மாத்தினதும் அந்த விளம்பரத்துக்கு கன்வர்ஷன்ங்கிறதோட பொருளே மாறிடுது, இனிமே அது ஈமெயில் பதிவு. பதிவு ரேட் 20, 30 சதவீதம்னு கூட வரலாம், அத முதல் விளம்பரத்தோட 5 சதவீதத்தோட பக்கத்துல வச்சு பார்த்துடாதீங்க, அது வேற இது வேற. ஒப்பிட வேண்டியது கடைசியில பணம் கட்டி சேர்ந்தவங்க எண்ணிக்கை மட்டும் தான். இப்ப 40,000 இம்ப்ரெஷனுக்கு 4 பேர், புது ஏற்பாடு அத தாண்டுதான்னு பாருங்க. இதுக்கு பொறுமை வேணும், இலவச பாடம் பார்த்தவங்க ரெண்டு மூணு வாரம் கழிச்சு கூட சேருவாங்க, ஃபேஸ்புக் ரிப்போர்ட் 7 நாளோட கணக்க மூடிடும், அதனால அந்த ரிப்போர்ட்ல வராது. எந்த தேதியில ஈமெயில் குடுத்தாங்க, எந்த தேதியில சேர்ந்தாங்கன்னு நீங்களே ஒரு ஷீட்ல வச்சுக்கோங்க, ஒவ்வொரு வார பதிவுக்கும் 30 நாள் விட்டு எண்ணுங்க.

முதல் ரெண்டு வாரம் பேஜையும் அந்த வார்த்தையையும் மட்டும் மாத்துங்க, ட்ராஃபிக் நோக்கம் அப்படியே இருக்கட்டும். அப்ப தான் வர்ற மாற்றம் நோக்கத்தால இல்ல, இதனால தான் வந்துச்சுன்னு தெரியும். அப்புறம் நோக்கத்த லீட்ஸுக்கு மாத்தி, ஈமெயில் பதிவ இலக்கா குடுங்க. நேரா சேல்ஸ இலக்கா குடுக்கலாமேன்னு கேப்பீங்க, ஆனா சிஸ்டம் யாரு வாங்குவாங்கன்னு கத்துக்கிறதுக்கு ஒரு ஆட் செட்டுக்கு வாரத்துக்கு சுமார் 50 நிகழ்வு வேணும்னு ஃபேஸ்புக்கே சொல்லுது. உங்களுக்கு மாசத்துக்கே மொத்தம் 12 சேல். ஈமெயில் பதிவுன்னா அந்த எண்ணிக்கைய தொட வாய்ப்பு இருக்கு.

இப்ப முதல் விளம்பரம். 0.4 சதவீதம் சிடிஆர்னு பார்த்ததும் விளம்பரம் யாருக்கும் பிடிக்கலன்னு தோணும், ஆனா மாச சராசரி நிறைய விஷயத்த மறைச்சுடும். வாரத்துக்கு கிட்டத்தட்ட 10,000 இம்ப்ரெஷன் போயிருக்கு, கிளிக் மட்டும் பாருங்க, முதல் வாரம் 72, அப்புறம் 44, 26, கடைசி வாரம் 18. அதாவது 0.72-ல ஆரம்பிச்சு 0.18-க்கு வந்திருக்கு. மொத்தம் போய் சேர்ந்தது 8,000 பேருக்கு தான், ஃப்ரீக்வென்சி 5, ஒரே ஆளு சராசரியா 5 தடவை பார்த்திருக்காரு. விளம்பர வாசகம் மோசமா இருந்தா முதல் வாரத்துலயே கம்மியா இருந்திருக்கும், இப்படி வாரா வாரம் சரியாது. தட்டணும்னு நினைச்சவங்க ஆரம்பத்துலயே தட்டிட்டாங்க, மிச்சம் இருக்கிறவங்களுக்கு அதே படத்த திரும்ப திரும்ப காட்டிட்டு இருக்கீங்க. கூடவே இதையும் பாருங்க, வந்தவங்கள்ல சேர்ந்தவங்க வாரா வாரம் 4, 2, 1, 1. எண்கள் சின்னது தான், ஆனா கிளிக்கோட சேர்த்து தான் குறையுது, கன்வர்ஷன் ரேட் எங்கயும் உடையல. விளம்பரம் சலிச்சு போச்சு, கோர்ஸ் மேல இருக்கிற விருப்பம் குறைஞ்சதா இதுல ஒரு அறிகுறியும் இல்ல.

இதுக்கு பேஜ்ல செய்ய வேண்டியது எதுவுமே இல்ல, பேஜை தங்கத்துல இழைச்சாலும் இந்த சிடிஆர் ஒரு புள்ளி கூட ஏறாது. செய்ய வேண்டியது ரெண்டுல ஒண்ணு, எதுன்னு தெரிஞ்சுக்க முதல்ல இத பண்ணுங்க. சொல்ற விஷயத்த அப்படியே வச்சுக்கிட்டு படத்தையும் முதல் வரியையும் மட்டும் மாத்தி, அதே ஆட்களுக்கு காட்டுங்க. இப்ப இருக்கிறது உங்க முகமும் கோர்ஸ் பேரும் போட்ட போஸ்டர். அதுக்கு பதிலா எடிட் பண்றதுக்கு முன்னாடி, எடிட் பண்ணதுக்கு அப்புறம்னு ஒரே காட்சிய ரெண்டு பாதியா காட்டுற 10 செகண்ட் வீடியோ போட்டு பாருங்க. சிடிஆர் திரும்ப 0.6, 0.7 பக்கம் ஏறினா சலிச்சது படம் தான், ஆட்கள் இன்னும் இருக்காங்க. அப்பவும் 0.2-லயே கிடந்தா, அந்த 8,000 பேர்ல உங்களுக்கானவங்க முடிஞ்சு போயிட்டாங்க, ஆடியன்ஸ பெருசாக்கணும். ரெண்டையும் ஒரே நாள்ல மாத்திட்டீங்கன்னா சிடிஆர் ஏறும், ஆனா எதனால ஏறுச்சுன்னு தெரியாது, அடுத்த மாசம் அது திரும்ப விழும்போது எத திரும்ப செய்யணும்னும் தெரியாது.

இந்த இடத்துல ஒரு ஆசை வரும், சிடிஆர ஏத்தணும்னு "சேனல் நடத்துறவங்களுக்கு"ங்கிற வரிய எடுத்துட்டு எல்லாருக்கும் பொதுவா எழுதலாமேன்னு. எடுக்காதீங்க. அந்த வரி தான் சம்பந்தம் இல்லாதவங்கள வாசல்லயே நிறுத்துது, அதனால தான் சிடிஆர் கொஞ்சம் கம்மியாவே இருக்கும், அதனால தான் வந்தவங்க சேருறாங்க. சிடிஆர் கம்மிங்கிறது எப்பவும் கோளாறு இல்ல, ஒரு அளவுக்கு அது வடிகட்டுறதுக்கான விலை. எந்த மாற்றம் பண்ணாலும் சிடிஆரையும் கன்வர்ஷன் ரேட்டையும் தனித்தனியா கொண்டாடாம, 1,000 இம்ப்ரெஷனுக்கு எத்தனை பேர் சேர்ந்தாங்க, ஒரு ஆள் சேர எவ்வளவு செலவாச்சுன்னு கடைசியில ஒரு தடவை பாருங்க. உங்க ரெண்டு விளம்பரத்துக்கும் செலவு கிட்டத்தட்ட சமம், ஃபேஸ்புக்ல பெரும்பாலும் இம்ப்ரெஷனுக்கு தான் காசு, அதனால ஒரு ஆள சேர்க்க ரெண்டாவதுல ஆன செலவு முதலாவத விட ரெண்டு மடங்கு. இதே கூகுள் சர்ச் மாதிரி கிளிக்குக்கு காசு குடுக்கிற இடமா இருந்து, ஒரு கிளிக் ஒரே விலைன்னு வச்சுக்கிட்டா, முதலாவதுல 20 கிளிக்குக்கு ஒருத்தர், ரெண்டாவதுல 350 கிளிக்குக்கு ஒருத்தர், பதினேழு மடங்குக்கு மேல போயிருக்கும். அங்க சிடிஆர் ரொம்ப கம்மியா இருந்தாலும் சிக்கல் தான், ஏன்னா இந்த விளம்பரத்த எத்தனை பேர் தட்டுவாங்கன்னு கூகுள் போடுற மதிப்பீடு ஏலத்துல உங்க இடத்தையும் நீங்க குடுக்கிற விலையையும் பாதிக்கும். அதனால அங்க வடிகட்டுறத விளம்பர வாசகத்துல மட்டும் பண்ணாம, எந்த தேடலுக்கு விளம்பரம் வரவே கூடாதுன்னு நெகடிவ் கீவேர்டு போட்டு பண்ணணும். சம்பந்தம் இல்லாத இம்ப்ரெஷன் குறைஞ்சா சிடிஆர் தானா ஏறும், கன்வர்ஷனும் கெடாது.

அப்ப பேஜ் தான் கோளாறுன்னு எப்ப சொல்லலாம்னு கேட்டீங்கன்னா, சரியான ஆளு, சரியான எதிர்பார்ப்போட வந்தும் நிக்கணும். உங்களுக்கு அப்படி ஒரு இடம் இருக்கு, சின்னதா. முதல் விளம்பரத்துல பட்டனை தட்டின 14 பேர்ல 6 பேர் முடிக்கல. இவங்க கோர்ஸ் என்னன்னு தெரிஞ்சு வந்தவங்க, ஃபீஸ் பார்த்துட்டு தட்டினவங்க, விளம்பரம் மேல பழி போட முடியாது. 6 பேர வச்சு பெருசா எதுவும் சொல்ல முடியாது, அதனால புள்ளிவிவரத்துக்கு காத்திருக்காம நீங்களே ஒரு பழைய ஃபோன எடுத்து, வைஃபைய அணைச்சுட்டு, இன்ஸ்டாகிராம் ஆப்புக்குள்ளயே விளம்பரத்த தட்டி, கடைசி வரைக்கும் பணம் கட்டி பாருங்க. ஆப்புக்குள்ள திறக்கிற பிரவுசர்ல பேமென்ட் ஆப்புக்கு போயிட்டு திரும்ப வரும்போது பேஜ் தொலைஞ்சு போறது அடிக்கடி நடக்கும், கம்ப்யூட்டர்ல சோதிச்சா அது தெரியவே தெரியாது. ஃபார்ம்ல எத்தனை கட்டம் இருக்குன்னும் எண்ணுங்க, ஸ்க்ரீன்ஷாட்ல சேனல் லிங்க், சப்ஸ்க்ரைபர் எண்ணிக்கை எல்லாம் கேட்டிருக்கீங்க, அத பணம் கட்டினதுக்கு அப்புறம் கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

எவ்வளவு நாள் பார்க்கணும்ங்கிறத நாளால சொல்றத விட கிளிக்கால சொல்றேன். முதல் விளம்பரத்தோட புது வீடியோவுக்கு 60 கிளிக் வந்தும் ஒருத்தர் கூட சேரலன்னா நிறுத்தி யோசிங்க, 5 சதவீதம் ரேட் இன்னும் உயிரோட இருந்தா 60-ல ஒண்ணு கூட வராம போறதுக்கு வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கம்மி, வீடியோ வேற கூட்டத்த கூட்டிட்டு வருதுன்னு அர்த்தம். ஆனா இந்த கணக்க போடும்போது கடைசி ஒரு வாரத்து கிளிக்க விட்டுடுங்க, இன்னிக்கு தட்டினவங்க நாலு நாள் கழிச்சு கூட சேருவாங்க, ரிப்போர்ட்ல அந்த சேல் விளம்பரத்த தட்டின தேதியில தான் போய் உக்காரும், அதனால கடைசி நாட்கள் எப்பவும் நிஜத்த விட மோசமா தெரியும். வீடியோ போட்டதும் வாரம் வாரமா சிடிஆர், ஃப்ரீக்வென்சி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வைங்க, அந்த 6 பேர் விஷயத்துல ஃபோன்ல சோதிச்சப்ப என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க, பேமென்ட் பக்கம் எங்க நின்னுச்சோ அந்த ஸ்க்ரீன்ஷாட்டோட.